50-ம் 40-ம் சேர்ந்தால் 86.4: தகடு வளையும்போது நடப்பது என்ன?

சுவரில் பலகையைத் தாங்கி நிற்கும் 'எல்' வடிவ இரும்பு பிராக்கெட் எல்லா வீட்டிலும் இருக்கும். அப்படி ஒன்றை 2 மி.மீ. தகட்டில் செய்வதாக வைத்துக்கொள்வோம். சுவரோடு ஒட்டும் பக்கம் 50 மி.மீ. உயரம், 60 மி.மீ. அகலம். பலகையைத் தாங்கும் பக்கம் 40 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம். உயரமும் நீளமும் வளைத்து முடித்த பிறகு வெளிப்புறமாக அளந்தால் வர வேண்டியவை.

லேசர் எந்திரம் தட்டையாகக் கிடக்கும் தகட்டைத்தான் வெட்டும். அதை எல் வடிவத்துக்குக் கொண்டுவருவது அடுத்து வரும் பெண்டிங் மெஷின். ஆகவே, வளைப்பதற்கு முன்னால் அந்தத் துண்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. 50-ஐயும் 40-ஐயும் கூட்டி 90 என்று வெட்டினால் பிராக்கெட் 3.6 மி.மீ. பெரிதாகிவிடும். துளைகள் சுவரில் போட்ட குறிகளோடு பொருந்தாது.

காரணம் வளைவில் இருக்கிறது. எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்றின் பக்கவாட்டில் நெருக்கமாகக் கோடுகள் போட்டு வளைத்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் கோடுகள் விலகும், உட்புறத்தில் நெருங்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் இடைவெளி மாறாமல் இருக்கும். தகட்டிலும் இதுவே நடக்கிறது. நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் அந்த அடுக்கின் நீளம்தான், வளைவுக்காக நாம் ஒதுக்க வேண்டிய தகட்டின் நீளம். இதை 'பெண்ட் அலவன்ஸ்' என்கிறார்கள்.

அந்த அடுக்கு தகட்டின் சரிபாதியில் இருப்பதில்லை. சற்று உள்பக்கமாக நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சொல்லும் எண் 'கே ஃபேக்டர்'. நம் தகட்டுக்கு அதை 0.4 என்று எடுத்துக்கொண்டால், 2 மி.மீ. கனத்தில் உள்பரப்பிலிருந்து 0.8 மி.மீ. தள்ளி அந்த அடுக்கு இருக்கிறது. வளைவின் உள் ஆரம் 2 மி.மீ. என்றால், அடுக்கின் ஆரம் 2.8 மி.மீ. 90 டிகிரி வளைவு கால் வட்டம் என்பதால் அதன் நீளம் இப்படி வரும்:

1.5708 × 2.8 = 4.4 மி.மீ.

இனி நேரான பகுதிகள். வளைவின் ஆரமும் தகட்டின் கனமும் சேர்ந்து 4 மி.மீ. இதை இரு பக்கங்களிலும் கழிக்க, 46-ம் 36-ம் மிஞ்சும். மூன்றையும் கூட்டினால்:

46 + 4.4 + 36 = 86.4 மி.மீ.

இந்தக் கணக்கில் நாம் வெறுமனே எடுத்துக்கொண்ட எண்கள் இரண்டு உண்டு: உள் ஆரம் 2, கே ஃபேக்டர் 0.4. வரைபடத்தில் ஆரம் 2 என்று எழுதிவிட்டால் மட்டும் அது வந்துவிடாது. பெண்டிங் மெஷினில் தகடு 'வி' வடிவப் பள்ளமுள்ள டையின் மேல் கிடக்கும், மேலிருந்து பஞ்ச் இறங்கி அழுத்தும். பள்ளத்தின் அடிவரை நசுக்காமல் வளைக்கும் வழக்கமான முறையில், உள் ஆரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பள்ளத்தின் அகலம். சாதாரண இரும்புத் தகட்டில் அது அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 12 மி.மீ. பள்ளத்தில் 2 மி.மீ. ஆரம் வரும். அதே தகட்டை 16 மி.மீ. டையில் வளைத்தால் ஆரம் 2.7-ஐ நெருங்கும். அப்போது வெட்ட வேண்டிய நீளம் 86.1. டை மாறியதை யாரும் சொல்லாவிட்டால் அந்த 0.3 மி.மீ. பிழையாகப் பிராக்கெட்டில் வந்து நிற்கும்.

இதற்கு உறுதியான வழி, அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு பட்டையை வெட்டி, அதே டையில் நடுவே 90 டிகிரி வளைத்து, இரு பக்கங்களையும் வெளிப்புறமாக வெர்னியரில் அளப்பது. இரண்டும் சேர்ந்து 103.6 வந்தால், ஒரு வளைவுக்குக் கழிக்க வேண்டியது 3.6 என்று பொருள். 90-லிருந்து 3.6 போனால் 86.4. நம் கணக்கு சரி. வேறு எண் வந்தால் பட்டை சொல்வதையே எடுத்துக்கொள்ள வேண்டும். அளக்கும் முன் கோணம் உண்மையிலேயே 90 தானா என்று பார்ப்பது அவசியம். அழுத்தம் விலகியதும் தகடு சற்று நிமிர்ந்துகொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இது இன்னும் கூடுதல்.

அடுத்தது, வளைவின் ஓரம். நம் பிராக்கெட்டில் 60 மி.மீ. அகலத்தில் நடுவிலுள்ள 40 மட்டுமே வளைகிறது. இருபுறமும் பத்துப் பத்து மி.மீ. காதுகள் போல சுவரோடு தட்டையாகவே நிற்க வேண்டும். அவற்றின் மேல் விளிம்பு பலகை அமரும் மட்டத்துக்குச் சமமாக இருக்கும். வளையும் பகுதியும் வளையாத பகுதியும் ஒட்டியே இருந்தால், ஒன்று மற்றொன்றை இழுக்கும். மூலையில் தகடு கிழியும், அல்லது காது முன்னுக்கு வளைந்து சுவரில் பொருந்தாமல் நிற்கும். சிறு விரிசலைப் பெயின்ட் மறைத்துவிடும். பாரம் ஏறி இறங்க, அது வளரும்.

இதைத் தவிர்க்க, வளைவின் இரு முனைகளிலும் முன்கூட்டியே வெட்டிவிடும் சிறு பிளவுதான் 'ரிலீஃப் கட்'. அகலம் குறைந்தது தகட்டின் கனமளவு, இங்கே 2 மி.மீ. ஆழத்தில்தான் பலர் தவறுகிறார்கள். காதின் விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளேதான் வளைவு தொடங்குகிறது. பிளவு அதைத் தாண்ட வேண்டும் என்பதால் 4.5 மி.மீ. வைக்கிறோம். 3 மி.மீ.யோடு நிறுத்தினால் பிளவு இருந்தும் தகடு கிழியும். பிளவின் அடியைக் கூர்மூலையாக விடாமல் வட்டமாக்குவது நல்லது. விரிசல் கூர்மூலையில்தான் எளிதாகத் தொடங்கும்.

இப்போது விரித்த வரைபடத்தைப் போட்டுவிடலாம். சுவர்ப்பக்கத்தின் அடி விளிம்பிலிருந்து அளந்தால், 46-ல் வளைவு தொடங்கும், 50.4-ல் முடியும். வளைவுக் கோடு இரண்டுக்கும் நடுவே 48.2-ல். காதுகள் 50-ல் முடியும், பிளவுகள் அங்கிருந்து 45.5 வரை இறங்கும். 86.4-ல் தகட்டின் முனை. ஸ்க்ரூ துளைகளை அந்தந்தப் பக்கத்தின் வெளி விளிம்பிலிருந்து அளந்து வைத்தால் வளைவுக் கணக்கு அவற்றைத் தொடாது. ஆனால் டையின் பள்ளம் வளைவுக் கோட்டுக்கு இருபுறமும் 6 மி.மீ. பரவியிருக்கிறது. அந்த இடத்துக்குள் துளை வந்தால் அது வட்டமாக இராது, நீண்டு கோணிவிடும்.

லேசர் பட்டறைக்குக் கொடுக்கும் கோப்பில், வளைவுக் கோட்டைத் தனி லேயரில் வைத்து, வெட்ட வேண்டாம் என்று எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் லேசர் அங்கேயே தகட்டை இரண்டாக்கிவிடும். லேசர் கதிர் தின்னும் அகலத்தை வழக்கமாக மெஷினிலேயே ஈடுகட்டுவார்கள். அதற்கென்று நாமும் அளவைக் கூட்டினால் ஈடு இரட்டிப்பாகி அளவு பிழையாகும்.

பிராக்கெட் செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் வரையத் தொடங்கும் முன்பே பெண்டிங் செய்பவரிடம் பேசிவிடுங்கள். எந்த டையில் வளைப்பார், அதில் ஒரு வளைவுக்கு எவ்வளவு கழிக்கிறார் என்று கேளுங்கள். அவரிடம் எண் இல்லையென்றால் ஒரு பட்டையை வளைத்து அளந்து தரச் சொல்லுங்கள். நூறு பிராக்கெட் வெட்டிய பிறகு தெரியவரும் 0.3 மி.மீ. பிழையை அந்த ஒற்றைப் பட்டை முன்கூட்டியே காட்டிவிடும்.