அழைப்பிதழில் காணாமல் போன புள்ளி
தொடர் – 11

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வர ஆரம்பித்ததும் டெல்டாவில் கல்யாணத் தேதிகள் வரிசை கட்டும். பாபநாசம், கும்பகோணம், திருவையாறு பக்கத்து டிடிபி கடைகளுக்கு அப்போதுதான் மூச்சு முட்டும் வேலை. அழைப்பிதழின் மெய்ப்பு பார்க்க ஒருவர் வருவதில்லை. பெண்ணின் அப்பா, தாய்மாமன், சித்தப்பா என்று நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்பதை எல்லாரும் பார்த்தாக வேண்டும். 19 இன்ச் மானிட்டரில் அது நடக்காது. அதனால் கடைக்காரர்கள் வீட்டு டிவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் டிவி, கணினி அனுப்பும் படத்தை அப்படியே காட்டும் கருவி அல்ல. அது தெரியாமல் வைத்தால் எழுத்துப் பிழை கூடும்.

பாபநாசத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இது நடந்தது. 32 இன்ச் டிவி. பெட்டியில் 'எச்டி ரெடி' என்று போட்டிருந்தது. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள். படம் வந்துவிட்டது, பெரிதாகவும் இருந்தது. ஆனால் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தாக இருந்த அழைப்பிதழில் 'கி' எது, 'கீ' எது என்று உற்றுப் பார்த்தால்தான் புரிந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழி. மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா, அழுக்கா என்ற சந்தேகம். ஆங்கில எழுத்து ஓரளவு மங்கினாலும் சொல்லைப் பிடித்துவிடலாம். தமிழில் ஒரு சுழியோ புள்ளியோ போனால் ஆளின் பெயரே மாறிவிடும். கடைக்காரர் கேபிளை மாற்றினார், பலன் இல்லை. கேபிள் கெட்டால் படம் விட்டுவிட்டு வரும், மின்மினியாய்ப் புள்ளிகள் சிதறும், அல்லது திரை கறுத்துப் போகும். எழுத்து மட்டும் மங்கினால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அந்த டிவியின் பேனலில் குறுக்கே 1366 பிக்சல், நெடுக்கே 768. சின்ன டிவிகளில் பெரும்பாலும் இந்த அளவுதான். லேப்டாப் அனுப்பியதோ 1920×1080. டிவி அதை மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். வாங்கி, 1080 வரிகளை 768 வரிகளுக்குள் அடைக்கும். அதாவது 45 வரிகள் 32 வரிகளாகின்றன. ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடு இரண்டு வரிகளுக்கு நடுவே விழுந்தால், கறுப்பாக இருக்க வேண்டியது இரண்டு சாம்பல் வரிகளாகப் பிரிந்துவிடும். 1280×720 என்று குறைத்து அனுப்பினால் தீருமா என்றால் அதுவும் இல்லை. இப்போது 15 வரிகளை 16 ஆக இழுக்க வேண்டும். 16 வரிக்கு ஒருமுறை எழுத்து கூர்மையாகி, நடுவில் மங்கி, மறுபடி கூர்மையாகும். பக்கம் முழுக்க ஒரே மாதிரி இல்லாமல் திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை உண்டு. நோட்பேடில் கீழே உள்ள ஒரு வரியை எழுதி, `test.html` என்று சேமித்து, பிரவுசரில் திறந்து F11 அழுத்துங்கள். விண்டோஸின் அளவும் பிரவுசரின் ஜூமும் 100 சதவீதத்தில் இருக்க வேண்டும்.

```
<body style="margin:0;background:repeating-linear-gradient(90deg,#000 0 1px,#fff 1px 2px)">
```

ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை, இதுவே திரை முழுக்க. கணினியின் ஒரு பிக்சல் டிவியின் ஒரு பிக்சலில் சரியாக உட்கார்ந்தால், திரை ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சீரான மெல்லிய கோடுகள் தெரியும். எங்காவது நீட்டலோ குறுக்கலோ நடந்தால், அகலமான நிழல் பட்டைகள் ஓடும். இந்தக் கடையில் டிவியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டைகள்.

அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. விண்டோஸின் கீழ்ப்பட்டையில் பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. பழைய குழாய் டிவிகளில் படத்தின் ஓரங்கள் கோணலாக இருக்கும், அதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவார்கள். குழாய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைய டிவிகளிலும் எச்டிஎம்ஐயில் வரும் படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் அமைப்பு இருக்கிறது. எல்ஜியில் படத்தின் அளவு மெனுவில் `Just Scan`, சாம்சங்கில் `Screen Fit` அல்லது `Fit to Screen`, சோனியில் `Full Pixel` என்று தேடி வைத்தால் வெட்டு நிற்கும். சிலர் இதைத் தொடாமல், கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளில் படத்தைச் சுருக்கி ஓரத்தை உள்ளே இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் கணினி ஒருமுறை சுருக்குகிறது, டிவி ஒருமுறை பெருக்குகிறது. எழுத்து இரண்டு தடவை அடிபடும். இதை டிவியில்தான் சரிசெய்ய வேண்டும்.

32 இன்ச் டிவியைப் பொறுத்தவரை அந்த வெட்டை நிறுத்தினோம். பிறகு 1360×768 என்ற அளவைக் கொடுத்துப் பார்த்தோம். சில டிவிகள் இதை ஏற்று, இரு ஓரத்திலும் மூன்று மூன்று பிக்சலைக் கறுப்பாக விட்டுவிட்டு, மற்றதை ஒன்றுக்கு ஒன்றாகக் காட்டும். பழைய டிவிகளில் பின்னால் இருக்கும் நீல விஜிஏ துளையில் இது இன்னும் எளிதாக நடக்கும். இந்த டிவி `Mode Not Supported` என்று சொல்லிவிட்டது. ஏற்றிருந்தாலும் என் கருத்து மாறியிருக்காது. 32 இன்ச்சில் 1366×768 என்றால் ஒரு அங்குலத்துக்கு 49 பிக்சல்தான். சாதாரண 24 இன்ச் மானிட்டரில் 92. நாற்காலியில் உட்கார்ந்து தமிழ் படிக்கும் வேலைக்கு 49 போதாது. சுழியை வரைய அங்கே இடமே இல்லை. சினிமா பார்க்க வீட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

கடைக்காரர் அடுத்து 43 இன்ச் 4கே டிவி வாங்கினார். 3840×2160, அங்குலத்துக்கு 102 பிக்சல். மானிட்டருக்குச் சமம். இதில் எழுத்து பளிச்சென்று இருக்க வேண்டும், ஆனால் முதல் நாளே இரண்டு குறைகள். மவுஸ் அம்பு கையைப் பின்தொடராமல் இழுத்துக்கொண்டு வந்தது. சிவப்பு எழுத்தின் ஓரம் மஞ்சளோடு கலந்து செம்மண்ணாகத் தெரிந்தது.

மவுஸ் இழுப்புக்குக் காரணம் விண்டோஸிலேயே எழுதியிருக்கும். டிஸ்ப்ளே அமைப்பில் `Advanced display` என்ற பக்கத்தைத் திறந்தால் `Desktop mode`, `Active signal mode` என்று இரண்டு வரிகள். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வேறுபட்டால் கணினியே படத்தை இழுத்தோ சுருக்கியோ அனுப்புகிறது என்று பொருள். இங்கே இரண்டும் 3840×2160தான், ஆனால் பக்கத்தில் 30 ஹெர்ட்ஸ். நொடிக்கு 30 முறைதான் திரை மாறுகிறது. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4க்கு, நிறத்தைக் குறைக்காமல் 4கே அனுப்ப அவ்வளவுதான் தெம்பு. 60க்கு 2013இல் வந்த 2.0 வேண்டும். லேப்டாப்பில் 2.0 இருந்தது, கேபிளும் நல்லது. டிவிதான் தன் துளையைப் பழைய முறையில் பூட்டி வைத்திருந்தது. பழைய பெட்டிகளோடு தகராறு வராமலிருக்க, பல டிவிகள் இப்படித்தான் வருகின்றன. எல்ஜியில் `HDMI ULTRA HD Deep Colour`, சாம்சங்கில் `Input Signal Plus`, சோனியில் `HDMI signal format` என்ற இடத்தில் `Enhanced format`. எந்தத் துளையில் கேபிள் செருகியிருக்கிறதோ அந்தத் துளைக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் 60 ஹெர்ட்ஸ் பட்டியலில் வந்தது, அம்பு கையோடு ஓடியது.

நிறக் கலப்பு வேறு கதை. நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நுட்பமாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு நுட்பமாகத் தெரியாது. அதனால் சினிமாவையும் டிவி நிகழ்ச்சியையும் அனுப்பும்போது வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகவும், நிறத்தை நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒன்றாகவும் அனுப்புகிறார்கள். இதுதான் 4:2:0. முகத்திலும் வயலிலும் ஆற்றிலும் இதன் குறை தெரியாது. இரண்டு பிக்சல் அகலமுள்ள சிவப்புப் புள்ளி மஞ்சள் மேல் இருக்கும்போது நன்றாகத் தெரியும். புள்ளிக்கும் பின்னணிக்கும் சேர்த்து ஒரே நிறம் பங்கு போகிறது. வெள்ளையில் கறுப்பு எழுத்து தப்பித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். விண்டோஸ் எழுத்தின் ஓரத்தைக் கூராக்க மெல்லிய வண்ணச் சாயல் பூசுகிறது, அதுவும் சிதறிவிடும். எழுத்துக்கு 4:4:4 தான் வேண்டும்.

கிராபிக்ஸ் அமைப்பில் பார்த்தால் லேப்டாப் ஆர்ஜிபியாகத்தான், அதாவது முழு நிறத்தோடு, அனுப்பிக்கொண்டிருந்தது. டிவி அதை உள்ளே வாங்கி, சினிமாவுக்கான வழியில் விட்டு, நிறத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. பல டிவிகளில் வந்த நிறத்தைத் தொடாமல் காட்டும் வழி ஒன்றுதான்: அந்த எச்டிஎம்ஐ துளையில் இருப்பது கணினி என்று டிவிக்குச் சொல்ல வேண்டும். சாம்சங்கிலும் எல்ஜியிலும் உள்ளீட்டுப் பட்டியலில் அந்தத் துளையின் பெயரையோ படத்தையோ திருத்தி `PC` என்று தேர்ந்தெடுக்கலாம். சோனியில் பட முறையை `Graphics` என்று வைக்க வேண்டும். பார்வைக்கு வெறும் பெயர் மாற்றம் போல இருப்பதால் யாரும் இதைத் தொடுவதில்லை. ஆனால் உள்ளே வழியே மாறுகிறது.

சரியாகிவிட்டதா என்று தெரிய, மேலே கொடுத்த வரியில் `#000` இருக்கும் இடத்தில் `#f00`, `#fff` இருக்கும் இடத்தில் `#00f` போட்டுத் திறங்கள். சிவப்பும் நீலமும் தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தால் 4:4:4. ஊதாவாகக் குழைந்து தெரிந்தால் எங்கோ நிறம் குறைகிறது. கடையில் பெயரை மாற்றுவதற்கு முன் ஊதா, மாற்றிய மறுகணம் கோடுகள். எச்டிஆரை அணைத்து வைப்பதும் நல்லது. 2.0 துளையில் 4கே, 60 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம் மூன்றும் கேட்டால் 4:4:4க்கு இடம் இருக்காது, கணினி சத்தமில்லாமல் 4:2:2க்கு இறங்கிவிடும்.

டிவியின் `Sharpness` பற்றி ஒரு வார்த்தை. அது கூர்மையைக் கூட்டுவதில்லை. எழுத்தின் ஓரத்தில் வெள்ளை நிழல் கோடு போட்டுக் கூர்மை போலக் காட்டுகிறது. பெரும்பாலான டிவிகளில் பூஜ்யத்திலோ அதன் அருகிலோதான் அது சும்மா இருக்கும், சோனியில் 50இல். எழுத்தைச் சுற்றி நிழல் கோடு மறையும்வரை குறைத்துவிட்டு நிறுத்துங்கள்.

கடைசியாக எழுத்தின் அளவு. 43 இன்ச் டிவியை மூன்றடி தூரத்தில் வைத்து 100 சதவீதத்தில் படிக்கலாம். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு 125 அல்லது 150 வசதி. பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ரெசல்யூஷனை 1920×1080க்கு இறக்காதீர்கள். கணக்குப்படி ஒரு பிக்சல் நான்காக விரிய வேண்டும், ஆனால் டிவிகள் பெரும்பாலும் அப்படி விரிக்காமல் ஓரத்தைக் குழைத்துவிடும். 3840×2160ஐ அப்படியே விட்டு, விண்டோஸின் `Scale` எண்ணை உயர்த்தினால் எழுத்து புதிதாக வரையப்படும், சுழி சுழியாகவே இருக்கும்.

டிடிபி கடைகளுக்கு மட்டும் இதில் ஒரு தடை உண்டு. டெல்டாவில் இன்னும் பல கடைகளில் பேஜ்மேக்கர்தான் ஓடுகிறது. 2001இல் வந்த 7.0க்கு விண்டோஸின் இந்த அளவு மாற்றம் தெரியாது. 150இல் வைத்தால் விண்டோஸ் அதன் ஜன்னலைப் புகைப்படம் போல இழுத்துக் காட்டும். மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, வேலை செய்யும் ஜன்னல் மட்டும் மங்கும். அந்த மென்பொருளின் ஐகானில் வலது கிளிக், `Properties`, `Compatibility`, `Change high DPI settings` என்று போய், `Override high DPI scaling behavior` என்பதைத் தேர்ந்து `Application` என்று வைத்தால் மங்கல் போய்விடும். பதிலுக்கு மெனு எழுத்துகள் பொடியாகிவிடும். பாபநாசத்துக் கடைக்காரர் மெனு பொடியாக இருந்தால் பரவாயில்லை என்றார். மெனு அவருக்கு மனப்பாடம். வாடிக்கையாளர் பார்ப்பது அழைப்பிதழை, அதை வேண்டிய அளவுக்கு ஜூம் செய்துகொள்ளலாம்.

அடுத்த வாரம்: அதே அழைப்பிதழ் திரையில் ஒரு மஞ்சளாகவும் அச்சில் வேறு மஞ்சளாகவும் வருவது ஏன்?