நாற்பது காலிக் கட்டங்கள்

ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் கருத்துக்கணிப்பு ஒன்றை நடத்தியதாக வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் கைபேசியில் கூகுள் படிவத்திலும் மீதிப் பேர் அச்சிட்ட தாளிலுமாக 320 வாசகர்கள் பதில் தந்திருக்கிறார்கள். கேள்விகளில் ஒன்று: ‘நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டுமா?’ ஆம் என்றவர்கள் 168 பேர். வேண்டாம் என்றவர்கள் 112 பேர். மீதி 40 பேர் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. இனி இதை வைத்து மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு எழுத வேண்டும். எத்தனை சதவீதம் பேர் கேட்கிறார்கள் என்று எழுதுவது?

பதில் சொன்ன 280 பேரால் வகுத்தால் 60 சதவீதம். படிவம் தந்த 320 பேராலும் வகுத்தால் 52.5 சதவீதம். இரண்டுமே கணக்காகச் சரிதான். எதைச் சொல்கிறோம் என்பதை எழுதுகிறவர் முடிவு செய்து, மனுவிலும் குறிப்பிட வேண்டும். ஆனால் நடைமுறையில் இந்த முடிவை எழுதுகிறவருக்கு முன்பாகவே மென்பொருள் எடுத்துவிடுகிறது. எக்செல், ஆர், பைத்தான் ஆகிய மூன்றில் எதைத் தேர்வது என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். வேகமும் கொள்ளளவும் இங்கே ஒரு பொருட்டே அல்ல. எக்செல்லின் ஒரே ஷீட்டில் 10,48,576 வரிகள் கொள்ளும். 320 வரிகளை மூன்றுமே கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணிவிடும்.

எக்செல்லில் பெரும்பாலானோர் செய்வது பிவட் டேபிள். ‘இரவு எட்டு மணி’ என்ற பத்தியை Rows பகுதியில் இழுத்துப் போடுவார்கள். பிறகு அதே பத்தியை Values பகுதியிலும் போடுவார்கள். (blank) என்று ஒரு வரி தோன்றும், ஆனால் அதற்கு நேரே எண்ணிக்கை இருக்காது. காரணம், அங்கே நடப்பது நிரப்பப்பட்ட கட்டங்களை மட்டும் எண்ணுவது. சதவீதம் கேட்டால் 60 வரும். Values பகுதியில் படிவத்தின் வரிசை எண்ணைப் போட்டு, Sum என்பதை Count என்று மாற்றிப் பாருங்கள். வரிசை எண் எல்லோருக்கும் உண்டு என்பதால் (blank) எதிரே 40 வந்து நிற்கும், ஆம் என்பது 52.5 ஆகிவிடும். எந்தப் பத்தியை எங்கே இழுத்தோம் என்பதைப் பொறுத்து ஏழரை சதவீதம் மாறிவிட்டது. எச்சரிக்கை எதுவும் திரையில் வரவில்லை.

ஆர் மொழியில் `table()` என்ற கட்டளை இயல்பாகவே விடுபட்ட பதில்களை விட்டுவிட்டு எண்ணும். ஆனால் `read.csv()` மூலம் கோப்பைத் திறந்தால், எழுத்துப் பதில்கள் உள்ள பத்தியின் காலிக் கட்டங்களை அது ‘விடுபட்டவை’ என்று எடுத்துக்கொள்வதில்லை. ‘எதுவும் எழுதப்படாத ஒரு பதில்’ என்றே எடுத்துக்கொள்கிறது. அதனால் ஆம், வேண்டாம் என்பவற்றோடு பெயரே இல்லாத மூன்றாவது வகை ஒன்று 40 பேரோடு முளைக்கும். பைத்தானில் இந்த வேலைக்கு எல்லோரும் பயன்படுத்தும் பாண்டாஸ், காலிக் கட்டத்தை விடுபட்டதாகவே படிக்கிறது. அதன் `value_counts()` அவற்றை ஓசையில்லாமல் ஒதுக்கிவிடுகிறது. ஆக, ஒரே கோப்பில் இயல்பு அமைப்பை மாற்றாமல் சதவீதம் கேட்டால் ஆர் 52.5 என்கிறது, பைத்தான் 60 என்கிறது. எக்செல் நம் கை போன போக்கில் இரண்டில் ஒன்றைச் சொல்கிறது.

ஆரில் முடிவை நம் கையில் எடுத்துக்கொள்ள இரண்டே வரிகள் போதும்:

```
d <- read.csv("survey.csv", na.strings = c("", "NA"))
table(d$evening, useNA = "ifany")
```

பைத்தானில் இதற்கு இணையானது `dropna=False` என்று சேர்ப்பது. எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். ஒவ்வொரு கேள்விக்கும் வந்த எண்ணிக்கைகளைக் கூட்டினால் 320 வருகிறதா? வராவிட்டால் மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது.

இனி அடுத்த படி. பதில் சொன்ன 280 பேரில் பெண்கள் 200, ஆண்கள் 80. பெண்களில் 108 பேர் ஆம் என்றார்கள், அதாவது 54 சதவீதம். ஆண்களில் 60 பேர், அதாவது 75 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கக் கை-வர்க்கச் சோதனை செய்வார்கள். எக்செல்லில் இதற்கு `CHISQ.TEST` உண்டு. ஆனால் இருபாலாரும் ஒரே மாதிரி நினைத்திருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற இரண்டாவது அட்டவணையை நாமே போட்டுத் தர வேண்டும். பெண்களில் ஆம் 120, வேண்டாம் 80. ஆண்களில் ஆம் 48, வேண்டாம் 32. இதைக் கொடுத்தால் 0.0012 என்ற விடை வரும். வித்தியாசமே இல்லாத இடத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றை ஒட்டியது என்று பொருள்.

அதே எண்களை ஆரின் `chisq.test()` கட்டளைக்குக் கொடுத்தால் 0.0019 என்கிறது. பைத்தானின் `chi2_contingency` சொல்வதும் 0.0019 தான். யாரும் தப்புச் செய்யவில்லை. இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஆரும் பைத்தானும் யேட்ஸ் திருத்தம் என்ற ஒன்றைத் தாமாகச் சேர்த்துக்கொள்கின்றன, எக்செல் சேர்ப்பதில்லை. இந்த இடத்தில் முடிவு மாறாது. ஆனால் விடை 0.05-ஐ ஒட்டி நிற்கும்போது ஒரு கருவி ‘வித்தியாசம் உண்டு’ என்றும் மற்றது ‘இல்லை’ என்றும் சொல்லக்கூடும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை சில கட்டங்களில் ஐந்துக்கும் கீழே போனால், விடை சரியாக இருக்காது என்று ஆர் எச்சரிக்கிறது. எக்செல் அப்படி எதுவும் சொல்லாது. சில நூறு பேர் கணிப்பில் வயதுவாரியாக, ஊர்வாரியாகப் பிரிக்கத் தொடங்கியதும் இந்த நிலை சீக்கிரமே வந்துவிடும்.

ஆரின் பக்கம் என்னை முழுதாகச் சாய வைப்பது எடையிடுதல். நூலக உறுப்பினர் பதிவேட்டில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்று கொள்வோம். ஆனால் பதில் சொன்னவர்களில் பெண்கள் ஏழில் ஐந்து பங்கு. பெண்ணின் பதிலுக்கு 0.7, ஆணின் பதிலுக்கு 1.75 என்று எடை கொடுத்தால் இரு பாலாரும் 140 பேருக்குச் சமமாகிறார்கள். ஆம் என்பது 60 சதவீதத்திலிருந்து 64.5 ஆகிறது. இதுவரை எக்செல்லின் `SUMPRODUCT` போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். 80 ஆண்களின் குரலை நாம் பெரிதாக்கியிருக்கிறோம், புதிதாக யாரையும் கேட்கவில்லை. லெஸ்லி கிஷ் என்ற கணிப்பியலாளர் தந்த வாய்பாட்டின்படி இந்த 280 பதில்களின் மதிப்பு இப்போது 229 பேருக்குத்தான் சமம். பிழை எல்லை ஏறக்குறைய 5.7 சதவீதத்திலிருந்து 6.2-க்கு விரிகிறது. எக்செல்லில் சூத்திரத்தை நாமே எழுதாவிட்டால் யாரும் இதை நினைவூட்ட மாட்டார்கள். ஆரில் தாமஸ் லம்லி எழுதிய `survey` என்ற தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது:

```
library(survey)
s <- svydesign(ids = ~1, weights = ~w, data = d)
svymean(~evening, s, na.rm = TRUE)
```

சதவீதமும் அதன் பிழையும் சேர்ந்தே வரும். பைத்தானிலும் எடையிட்டுக் கணக்கிட வழி உண்டு. ஆனால் அங்கே ‘எடை 1.75’ என்பதை ‘இப்படி 1.75 பேர் இருந்தார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் பிழை எல்லை உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். கணிப்புத் துறையில் ஊறியவர்கள் பெரும்பாலும் ஆர் பக்கம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்தது என்ன என்று பிறர் பார்க்க முடிவதும் முக்கியம். 2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், கடன் சுமை 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் வளர்ச்சி சரிகிறது என்று எழுதினார்கள். 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பையே கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிகளைத் தொடாமல் முன்னதாகவே நின்றிருந்தது. முடிவைக் கூடுதலாக மாற்றியது அதுவல்ல, சில தரவுகளை விட்டதும் நாடுகளுக்குக் கொடுத்த எடையும்தான். அவற்றையும் அந்தக் கோப்பை வைத்தே அவரால் காட்ட முடிந்தது. எக்செல்லில் இத்தகைய முடிவுகள் கட்டங்களுக்குள்ளே ஒளிந்திருக்கும், ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். ஆரிலும் பைத்தானிலும் அவை மேலிருந்து கீழே படிக்கக்கூடிய வரிகளாக இருக்கும். பின்னால் இருபது படிவங்கள் தாமதமாக வந்து சேர்ந்தாலும் அதே வரிகளை மறுபடி ஓட்டினால் போதும்.

அப்படியென்றால் எக்செல் எதற்கு? தாளில் வந்த பதில்களைத் தட்டச்சு செய்ய அதைவிட வசதி இல்லை. பத்துக் கேள்வி, ஒரே ஒரு முறை, எடை வேண்டாம், எளிய சதவீதம் போதும் என்றால் அதிலேயே முடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். சிறுவர் பிரிவின் வயதை ‘10-12’ என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். தட்டச்சு தொடங்கும் முன் பத்தியை Text என்று அமைத்துக்கொள்ள வேண்டும்.

பைத்தான் முந்திக்கொள்ளும் இடம் தமிழ்ப் பதில்கள். ‘என்ன படிக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பல விடைகளைத் தேர்ந்தால் கூகுள் படிவம் எல்லாவற்றையும் காற்புள்ளி இட்டு ஒரே கட்டத்தில் தரும். எக்செல்லில் `=COUNTIF(D2:D321,"*நாவல்*")` என்று எண்ணினால் ‘சிறார் நாவல்’ மட்டும் படிப்பவரும் அதில் சேர்ந்துவிடுவார். பாண்டாஸில் `str.get_dummies(sep=", ")` ஒவ்வொரு விடையையும் தனிப் பத்தியாகப் பிரித்துவிடும். ஊர்ப் பெயர்களில் இன்னொரு தொல்லை இருக்கிறது. ‘கொளத்தூர்’ என்பதன் முதல் எழுத்தை ஒற்றைக் கொக்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஆரும் பைத்தானும் இரண்டு ஊராக எண்ணும். `str.normalize("NFC")` என்ற ஒரு கட்டளை இரண்டையும் ஒன்றாக்கும். ஆரில் `stringi` தொகுப்பு இதே வேலையைச் செய்யும்.

ஆர், பைத்தான் இரண்டுமே தெரியாதவர், கணிப்புக்காகவே ஒன்றைக் கற்கப் போகிறார் என்றால் ஆர் கற்கலாம். பைத்தான் ஏற்கெனவே எழுதுகிறவர் அதை விட்டு மாற வேண்டியதில்லை, எடையிடும் கணக்கை மட்டும் ஆரில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். முடிவுகளை வாசகர் வட்டத்துக்கு அனுப்பும்போது கோப்பை `encoding="utf-8-sig"` என்று சேமியுங்கள். இல்லாவிட்டால் எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறப்பவருக்குத் தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து தெரியும்.