பலகையில் ஒட்டிய தாளும் சென்செய்க்கு எழுதும் மின்னஞ்சலும்

ஜப்பானில் அறிவியலோ பொறியியலோ படிக்கும் இளநிலை மாணவருக்கு நான்காம் ஆண்டின் பெரும்பகுதி ஆய்வகத்தில்தான் கழியும். ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்து, பட்டத்துக்கான ஆய்வை அங்கே செய்து முடிக்க வேண்டும். யாருக்கு எந்த ஆய்வகம் என்று பிரிப்பதற்கு ‘கென்க்யூஷிட்சு ஹைசொகு’ என்று பெயர். பல துறைகளில் இது மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் நடக்கிறது. ஒவ்வோர் ஆய்வகமும் இத்தனை பேரைத்தான் எடுக்கும் என்று வரம்பு உண்டு. மாணவர்கள் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று படிவத்தில் எழுதித் தருவார்கள். ஓரிடத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் ஒரு துறை மதிப்பெண்ணைப் பார்க்கும், இன்னொன்று நேர்காணல் வைக்கும், வேறொன்று சீட்டுக் குலுக்கும்.

இதற்கான அறிவிப்பு பல இடங்களில் ஜப்பானிய மொழியில் மட்டும்தான் பலகையில் இருக்கும். வெளிநாட்டு மாணவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுக்கிறார். தங்குதடையில்லாத ஆங்கிலம் வருகிறது. அதை அப்படியே நம்பிப் பேராசிரியருக்கு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு, வழக்கமாகக் காணக்கூடிய ஒரு தாளையே வைத்துப் பார்க்கலாம்.

முதல் வரி தேதி. அலுவலகத் தாள்களில் ஆண்டைப் பேரரசரின் ஆட்சிக்கணக்கில் எழுதுவது அங்கே சாதாரணம். ரெய்வா 7 என்றால் 2025. ஆட்சியாண்டோடு 2018ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். ‘ரெய்வா’ என்பது விட்டுப்போய் வெறும் 7 மட்டும் இருந்தால் செயலி திணறும். ஆனால் இந்தப் பிழை பார்த்தவுடனே தெரிந்துவிடும், அதனால் கெடுதல் இல்லை.

கெடுதல் செய்பவை இயல்பாகத் தோன்றும் வரிகள். “110 கிரெடிட்டுக்கு மேல் பெற்றவர்கள்” என்று ஆங்கிலத்தில் வருகிறது. மூலத்தில் உள்ள சொல் அந்த 110ஐயும் சேர்த்துக்கொள்ளும். சரியாக 110 வைத்திருக்கும் மாணவர் தனக்குத் தகுதியில்லை என்று நினைத்து, விதிவிலக்கு கேட்டு உருக்கமாக ஒரு மடல் எழுதிவிடுவார்.

அடுத்தது, யார் யாரைத் தொடர்புகொள்வது என்ற வரி. ஜப்பானியத்தில் எழுவாயைச் சொல்லாமலே விட்டுவிடலாம், நம் மொழியில் விடுவதைப் போல. ‘ஆசிரியரிடம் தெரிவிக்க’ என்பதற்கும் ‘ஆசிரியரிடமிருந்து தெரிவிக்கப்படும்’ என்பதற்கும் வேறுபாடு ஓரிரு எழுத்துகளில் இருக்கிறது. வினையும் அங்கே வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ‘கூடாது’ என்பதும் அங்கேயேதான். படத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டாலோ, ஒளி பட்டு மங்கினாலோ போவது அதுதான். செயலியோ இருக்கிற எழுத்துகளை வைத்து ஒரு முழு வாக்கியத்தைச் செய்து கொடுத்துவிடும். ஆங்கிலத்தை எத்தனை முறை படித்தாலும் அதில் ஓட்டை தெரியாது. படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியும் முற்றுப்புள்ளியில் முடிகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

இனி மின்னஞ்சல். கடைசித் தேதி, படிவம், தகுதி ஆகியவற்றைக் கேட்க வேண்டிய இடம் கல்விப் பிரிவு அலுவலகம். பேராசிரியரிடம் கேட்க வேண்டியது அவருடைய ஆய்வகத்தைப் பற்றியது மட்டுமே. பொருள் வரியிலேயே ஆய்வகத்தைப் பார்க்க வருவது குறித்து என்று எழுதி, கூடவே மாணவர் எண்ணையும் பெயரையும் போட்டுவிடலாம். விளிக்கும்போது குடும்பப் பெயரோடு ‘சென்செய்’. மடல் இந்த அளவு இருந்தால் போதும்:

“தனகா சென்செய் அவர்களுக்கு, நான் மூன்றாம் ஆண்டு வெளிநாட்டு மாணவன். ஆய்வக ஒதுக்கீட்டு அறிவிப்பைச் செயலியின் உதவியோடு படித்தேன். நான்காவது வரி எனக்கு உறுதியாக விளங்கவில்லை. மூல வரியைக் கீழே தந்திருக்கிறேன், படத்தையும் இணைத்திருக்கிறேன். விருப்பப் படிவம் கொடுப்பதற்கு முன் ஆய்வகத்தைப் பார்க்க நாங்களே தங்களிடம் நேரம் கேட்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். இது சரியா? சரியென்றால், அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் பிற்பகலில் வரலாமா?”

மொழிபெயர்ப்பை முழுதாக ஒட்டி ‘இது சரியா’ என்று கேட்டால், பேராசிரியர் இரண்டு தாள்களை வரிக்கு வரி ஒப்பிட வேண்டியிருக்கும், பதில் தள்ளிப்போகும். ஒரே ஒரு மூல வரியும் அதைத் தான் எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதும் இருந்தால், அவர் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதி அனுப்பிவிடலாம். இணைக்கும் படத்தில் பக்கத்துத் தாள் எதுவும் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒதுக்கீட்டு முடிவுகள் மாணவர் எண்களோடு அதே பலகையில்தான் ஒட்டப்பட்டிருக்கலாம்.

‘என்னை உங்கள் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வேண்டுகோளை இந்த மடலில் எழுதாமலிருப்பது நல்லது. துறை பிரித்துக் கொடுக்கும் ஒதுக்கீட்டில், தனியொரு பேராசிரியர் மின்னஞ்சலில் இடம் தருவது வழக்கமில்லை. வெளிநாட்டிலிருந்து ‘கென்க்யூசெய்’ என்ற ஆய்வு மாணவராக விண்ணப்பிப்பவர்களின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் பேராசிரியரின் முன்சம்மதத்தை வாங்கிய பிறகுதான் விண்ணப்பமே போடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி மடல்களில் பல அவர்களுக்காக எழுதப்பட்டவை. அதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் மூன்றாம் ஆண்டு மாணவருக்கு, ‘கல்விப் பிரிவில் கேளுங்கள்’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும்.