டெலிவரி வேலைக்கு எந்த வண்டி?

சென்னையில் உணவு டெலிவரி செய்பவரின் வண்டி ஒரு நாளில் 100 கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர், மூன்று ஆண்டில் 90,000. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் வண்டி பத்து ஆண்டில் தொடுகிற தூரம் இது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் தம் வண்டியைப் பற்றிச் சொல்லும் நல்லது கெட்டது எதுவும் இங்கே அப்படியே பொருந்தாது. வாங்கும் விலையைவிட, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் செலவுதான் இந்த வேலையில் கணக்கு.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஒரு 100 சிசி வண்டி ஆன்ரோடு 95,000 ரூபாய், ஒரு 125 சிசி வண்டி 1,10,000 ரூபாய் என்று கொள்வோம். டெலிவரி ஓட்டத்தில் முதல் வண்டி லிட்டருக்கு 60 கிலோமீட்டரும் இரண்டாவது 50 கிலோமீட்டரும் கொடுக்கிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மூன்று ஆண்டில் முதல் வண்டி 1,500 லிட்டர் குடிக்கும், 1,50,000 ரூபாய். இரண்டாவது 1,800 லிட்டர், 1,80,000 ரூபாய். ஆயில், டயர், செயின் செட், பிரேக், கிளட்ச் எல்லாம் சேர்த்து முதலாவதற்கு 45,000, இரண்டாவதற்கு 48,000 என்று வைக்கலாம். கடைசியில் விற்கும்போது முறையே 35,000, 38,000 ரூபாய் திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் 100 சிசி வண்டிக்கு 2,55,000 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 83 காசு. 125 சிசி வண்டிக்கு 3,00,000 ரூபாய், கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 33 காசு. வட்டியும் இன்சூரன்ஸ் புதுப்பிப்பும் இதில் சேரவில்லை.

ஊருக்கு ஊர் விலை மாறும். அவரவர் தொகையைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கணக்கின் உருவம் மாறாது. பாதிக்கு மேல் பெட்ரோல்தான். “ரீசேலில் ஐயாயிரம் கூடக் கிடைக்கும்” என்று ஷோரூமில் சொல்வது பெரிதாகக் கேட்கும். 90,000 கிலோமீட்டரில் பிரித்தால் அது கிலோமீட்டருக்கு ஐந்தரைக் காசு. 60 கொடுத்த வண்டி 55 கொடுக்க ஆரம்பித்தால் போவது பதினைந்து காசு. டெலிவரிக்கு வண்டி எடுப்பவர் மறுவிற்பனை விலையைக் கடைசியில் யோசித்தால் போதும்.

மைலேஜ் இவ்வளவு முக்கியம் என்றால் அதைச் சரியாக அளக்கவும் வேண்டும். விளம்பரத்தில் வருவது சோதனைக்கூட எண். சிக்னல், உணவகத்து வாசல், அடுக்குமாடிக் குடியிருப்பின் வேகத்தடைகள் எல்லாம் சேர்ந்த ஓட்டத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்காவது குறையும் என்று எடுத்துக்கொள்வது நல்லது. இதே வேலை செய்பவரிடம் கேட்கலாம், ஆனால் அவர் எப்படி அளந்தார் என்பதையும் கேட்க வேண்டும். நூறு ரூபாய், இருநூறு ரூபாய் என்று போடுபவருக்குத் தம் மைலேஜ் தெரிய வழியில்லை. டேங்க் நிரம்பப் போட்டு, மீட்டரைக் குறித்து, இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதே உண்மையான எண்.

நூறு ரூபாய்க்குப் போடும் பழக்கத்தில் இன்னொரு வம்பும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான 100 சிசி வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இதில் பெட்ரோலைத் தள்ளும் மோட்டார் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கும். அதைக் குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். நாள் முழுக்க ரிசர்விலேயே ஓட்டினால் மோட்டார் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். அடியில் தங்கும் கசடும் உள்ளே இழுக்கப்படும். டேங்கின் கொள்ளளவையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸில் 9.8 லிட்டர், பிளாட்டினாவில் 11 லிட்டர் பிடிக்கும். ஆக்டிவா ஸ்கூட்டரில் 5.3 லிட்டர்தான். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-இல் நான்கு.

அடுத்தது உழைப்பு. இந்த வகை 100 சிசி எஞ்சின்கள் காற்றால் குளிரும் எளிய ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள். ஸ்பிளெண்டர் 1994-இல் வந்தது. அதன் எஞ்சின் பரம்பரை 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வரை போகிறது. இவ்வளவு காலம் ஓடியதன் பலன், எந்தத் தெரு மெக்கானிக்குக்கும் அது கைவந்த வேலை. உதிரிப் பாகம் இரண்டு தெரு தள்ளிக் கிடைக்கும். டெலிவரிக்காரருக்கு உழைப்பு என்றால் வண்டி பழுதாகாமல் இருப்பது மட்டும் அல்ல, பழுதானால் அன்று மாலைக்குள் ரோட்டுக்குத் திரும்புவதும்தான். மாதத்தில் ஒரு நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் மூன்று ஆண்டில் 36 நாள். நாளுக்கு 800 ரூபாய் நிற்கிற வேலை என்றால் 28,800 ரூபாய் போச்சு; மேலே போட்ட கணக்கில் இரண்டு வண்டிகளின் பெட்ரோல் வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவுதான். புதிதாக வந்த மாடல், ஓடாத மாடல், பாகத்துக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிய மாடல் ஆகியவற்றைத் தள்ளிவைக்க இந்த ஒரு காரணம் போதும்.

டெலிவரி ஓட்டம் வண்டியைத் தேய்க்கும் விதமும் வேறு. இருபது ஆர்டர் என்றால் கடை வாசலில் இருபது முறை, வீட்டு வாசலில் இருபது முறை, குறைந்தது நாற்பது முறை எஞ்சினை அணைத்து எழுப்ப வேண்டும். நடுவில் ஓடும் தூரமோ இரண்டு மூன்று கிலோமீட்டர். 2017 முதல் ஹெட்லைட் வேறு எப்போதும் எரிகிறது. போனும் பேட்டரியிலிருந்தே சார்ஜ் ஆகிறது. இந்தச் சிறிய பேட்டரி இழந்ததைத் திரும்பப் பெறுவதற்குள் அடுத்த செல்ஃப் அடிக்க வேண்டிவரும். கிக்கர் இருக்கும் வண்டியாகப் பார்த்து எடுப்பதும், காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கரிலேயே செய்வதும் இதற்காகத்தான். விலை கூடிய மாடல்கள் சிலவற்றில் கிக்கரே கிடையாது. ஷோரூமில் அது குறையாகத் தெரியாது; இரவு பதினோரு மணிக்குத் தெரியும்.

இன்ஜின் ஆயிலை மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று வைத்தால், இந்த ஓட்டத்தில் அது ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வரும். நாட்காட்டியைப் பார்த்து சர்வீஸ் விடுபவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்று இருந்தால் ஆயில் 7,500 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

உடம்புக்கு வருவோம். பத்து மணி நேரம் ஓட்டுபவருக்கு முதலில் வலிப்பது இடது மணிக்கட்டு, பிறகு இடுப்பு, பிறகு வால் எலும்பு. மணிக்கட்டுக்குக் காரணம் கிளட்ச். அண்ணா நகரிலிருந்து தி. நகர் போவதற்குள் அது எத்தனை முறை அழுந்துகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. புது வண்டியில் இரண்டு விரலால் இழுக்க முடிய வேண்டும். பிறகு இறுகினால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு, மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். 125 சிசி வண்டியின் உண்மையான பயன் இந்த இடத்தில் தெரியும். இழுவை கூடியதால் குறைந்த வேகத்திலும் மேல் கியரில் நகரும், கியர் மாற்றுவது குறையும், பையோடு மேம்பாலம் ஏறும்போது திணறாது. கனமான மளிகை ஆர்டர் எடுப்பவருக்கோ ஒவ்வொரு ஓட்டமும் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகிற புறநகர் வேலைக்கோ கிலோமீட்டருக்கு 50 காசு கூடக் கொடுத்து அதை வாங்குவது வீண் அல்ல. நகருக்குள் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறவருக்கு 100 சிசி போதும்.

ஸ்கூட்டரில் கிளட்ச் தொல்லையே இல்லை, முன்னால் பொருள் வைக்க இடமும் உண்டு. ஆனால் சின்னச் சக்கரம் குழியில் இறங்கும் அடி நேராக முதுகுக்கு வரும், மைலேஜும் குறைவு. எக்ஸ்.எல். 100 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: கியர் இல்லை, நடுவில் கேஸ் சிலிண்டரே வைக்கலாம். வேகமும் சொகுசும் குறைவு என்பதால், ஒரே பகுதிக்குள் தண்ணீர் கேன், மளிகை போடுபவருக்குத்தான் அது சரி.

இருக்கை மெத்தென்று இருப்பதை நம்பக்கூடாது. ஐந்து நிமிடத்தில் சுகமாக இருக்கும் பஞ்சு ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடும். டெலிவரிப் பையை மாட்டிக்கொண்டு, தெரிந்தவர் வண்டியை வாங்கியாவது முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பையின் அடிப்பாகம் சீட்டில் உட்கார்கிறதா, தோளில் தொங்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். தோளில் தொங்கினால் அந்த வண்டி வேண்டாம், அல்லது கேரியர் போட வேண்டும். நிற்கும்போது இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுகிறதா என்பதையும் பார்க்கலாம்.

முன்பணம் இல்லாதவர் பழைய வண்டிக்குப் போவார். அதில் தவறில்லை, ஆனால் ஏற்கெனவே டெலிவரி ஓடிய வண்டியை வீட்டு வண்டி என்று விற்பவர்கள் உண்டு. மீட்டரைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். தேய்ந்த ரப்பர் பொய் சொல்லாது. 20,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் கியர் லீவர் ரப்பர் வழவழப்பாகியிருந்தால், கைப்பிடி பளபளத்தால், சீட் உறை மட்டும் புதிதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கம் கொக்கியாய் வளைந்திருந்தால் செயின் செட் உடனே மாற்ற வேண்டியது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதைக் கழற்றியிருக்கலாம்.

விற்கும் நேரம் வரும்போது 90,000 ஓடிய வண்டிக்கு விலை தருவது பெயர்தான்: எல்லோரும் கேட்கும் மாடல், முதல் உரிமையாளர், கையில் சர்வீஸ் பில். விற்கும் முன் புது டயர், புது பெயிண்ட் என்று செலவழித்தால் அந்தப் பணம் திரும்பாது. கடனில் எடுத்த வண்டி என்றால் கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடியவில்லை; ஃபைனான்ஸ் நிறுவனத்திடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் ஹைப்போதிகேஷனை நீக்கிய பிறகே நல்ல விலை பேச முடியும். பிறகு படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றம் பதிவாகிவிட்டதா என்று விற்றவரே பார்த்துக்கொள்ள வேண்டும். மாறாத வரை அந்த வண்டிக்கு வரும் போக்குவரத்து அபராதமும் விபத்து வழக்கும் பழைய உரிமையாளரின் பெயருக்கே வரும்.