புட் கூடினால் பயமா, தெம்பா?

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தலின் வாக்குக் கணிப்புகள் சனிக்கிழமை மாலையே வந்துவிட்டன. ஆளும் கட்சிக்குப் பெரும் வெற்றி என்று எல்லாக் கணிப்புகளும் ஒரே குரலில் சொன்னதால் நிஃப்டி அன்று மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264-ல் முடிந்தது. விலை வரைபடத்தை மட்டும் பார்த்தவருக்கு அங்கே தெரிந்தது பெரிய ஏற்றம் ஒன்றுதான். ஆனால் அதே திரையில், வரைபடத்துக்குக் கீழே இந்தியா விக்ஸ் என்ற இன்னொரு கோட்டையும் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் நிதானித்திருப்பார்கள். ஏப்ரல் கடைசியில் 10-ஐ ஒட்டி இருந்த அந்த எண், மே 31 அன்று 24.60-ஐத் தொட்டிருந்தது. திங்கட்கிழமைக் கொண்டாட்டத்தில் இறங்கியும் 20.94-ல்தான் நின்றது. பயம் குறைந்தது உண்மை. ஆனால் ஆறு வாரத்துக்கு முன்பு இருந்ததைப் போல அப்போதும் இரண்டு மடங்கு.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி 1,379 புள்ளி சரிந்து 21,884.50-ல் முடிந்தது. கிட்டத்தட்ட ஆறு சதவீதம் ஒரே நாளில் போனது.

அப்படியானால் விக்ஸ் சரிவை முன்கூட்டியே சொன்னதா? இல்லை. அதற்குத் திசை தெரியாது. அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டால்தான் அதைப் பயக் குறியீடு என்று அழைப்பது எவ்வளவு சரி என்பதும் தெரியும்.

சந்தை விழுந்துவிடுமோ என்று அஞ்சுபவர் புட் ஆப்ஷன் வாங்குகிறார். குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட விலைக்கு விற்கும் உரிமை அது. கால் ஆப்ஷன் அதற்கு நேரெதிர், வாங்கும் உரிமை. இரண்டுக்கும் பிரீமியம் கட்ட வேண்டும், காப்பீட்டுக்குக் கட்டுவது போல. புயல் எச்சரிக்கை வந்தபின் காப்பீடு கேட்டால் என்ன விலை சொல்வார்களோ, அதே கதைதான் இங்கும்: அலைச்சல் பெரிதாக இருக்கும் என்று சந்தை நினைக்கும்போது பிரீமியம் ஏறுகிறது. நிஃப்டியின் நடப்பு மாத, அடுத்த மாத ஆப்ஷன்கள் என்ன விலைக்குக் கேட்கப்படுகின்றன, விற்கப்படுகின்றன என்பதைக் கொண்டு, வரும் முப்பது நாளில் எவ்வளவு ஏற்ற இறக்கம் எதிர்பார்க்கப்படுகிறது என்று கணக்கிட்டு, அதை ஆண்டுச் சதவீதமாக மாற்றி தேசியப் பங்குச் சந்தை வெளியிடும் எண்தான் இந்தியா விக்ஸ். 2008-ல் தொடங்கியது. அமெரிக்காவில் சிகாகோ ஆப்ஷன் சந்தை 1993 முதல் வெளியிட்டுவரும் விக்ஸ் இதற்கு முன்னோடி.

ஆண்டுச் சதவீதம் என்பதால் அப்படியே படிக்கக் கூடாது. மாதக் கணக்குக்கு 12-ன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 3.46-ஆல் வகுக்க வேண்டும். ஜூன் 3-ன் 20.94-ஐ வகுத்தால் ஆறு சதவீதம். 23,264 புள்ளியில் ஆறு சதவீதம் சுமார் 1,400. அடுத்த ஒரு மாதத்தில் இந்த அளவு மேலேயோ கீழேயோ போவது சாதாரணம் என்று ஆப்ஷன் சந்தை விலை போட்டிருந்தது. அந்த 1,400-க்கு மிக நெருக்கமான அளவு ஒரே நாளில் நடந்து முடிந்தது. எண்கள் இவ்வளவு நெருங்கியது தற்செயல். ஆனால் தேர்தல் முடிவு, பட்ஜெட் போல ஒரு தேதியில் குவிந்திருக்கும் ஆபத்தை விக்ஸ் முப்பது நாளுக்கும் பரப்பிக் காட்டும் என்பது தற்செயல் இல்லை. பலர் அதை நாளுக்குச் சமமாகப் பிரித்து, 'தினசரி 1.3 சதவீதம்தானே' என்று ஆறுதல் அடைகிறார்கள். அப்படிப் பிரித்தால் மறுநாளுக்கு 300 புள்ளிதான் வரும். தவறு எண்ணில் இல்லை, பிரித்த விதத்தில் இருக்கிறது.

அந்த மே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. வழக்கமாக நிஃப்டி ஏறினால் விக்ஸ் இறங்கும், நிஃப்டி விழுந்தால் விக்ஸ் ஏறும். மே மாதத்தில் நிஃப்டி முதன்முறையாக 23,000-ஐ எட்டிப் பார்த்தபோது விக்ஸும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தது. பங்கு வைத்திருப்பவர்கள் விற்கவில்லை. ஆனால் கையோடு காப்பும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கோடுகளும் ஒரே திசையில் போவதைக் கண்டால், நாட்காட்டியில் என்ன நிகழ்ச்சி வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இனி புட்-கால் விகிதம். வணிகர்கள் பி.சி.ஆர் என்பார்கள். கணக்கு எளிது. தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் நிஃப்டியின் ஆப்ஷன் செயினைத் திறந்தால் இடப்பக்கம் கால், வலப்பக்கம் புட், நடுவில் ஸ்ட்ரைக் விலைகள் இருக்கும். இன்னும் முடிக்கப்படாமல் நிலுவையில் உள்ள ஒப்பந்தங்களின் எண்ணிக்கைக்கு ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்று பெயர். அடிவரிசையில் அதன் கூட்டுத்தொகை இருக்கும். புட் கூட்டுத்தொகையைக் கால் கூட்டுத்தொகையால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 10 லட்சம் காலுக்கு 7 லட்சம் புட் என்றால் 0.7. 13 லட்சம் புட் என்றால் 1.3.

குழப்பம் இதற்குப் பிறகுதான். அமெரிக்கப் புத்தகங்களைப் படித்தவர் 1.3-ஐப் பார்த்து 'எல்லோரும் பயந்து புட் வாங்குகிறார்கள்' என்பார். நம் ஊர் ஆப்ஷன் வணிகர் அதே 1.3-ஐப் பார்த்து 'புட் ரைட்டிங் பலமாக இருக்கிறது, சந்தைக்குச் சப்போர்ட் உண்டு' என்பார். அமெரிக்காவில் இந்த விகிதத்தை அன்றைய வணிக அளவைக் கொண்டு பார்ப்பது வழக்கம். இங்கே நிலுவையைக் கொண்டு பார்க்கிறோம். அதைவிட முக்கியமான காரணம், நிலுவையில் உள்ள ஒவ்வொரு புட்டுக்கும் வாங்கியவர் ஒருவரும் விற்றவர் ஒருவரும் இருக்கிறார்கள் என்பது. வாங்கியவர் பயந்தவர். விற்றவர், அதாவது ரைட்டர், சந்தை அந்த விலைக்குக் கீழே போகாது என்று நம்பிப் பிரீமியத்தைப் பையில் போட்டவர். இவர்களில் யாருடைய அவசரத்தால் அந்த ஒப்பந்தம் பிறந்தது என்று விகிதம் சொல்லாது. ஆப்ஷனை எழுதப் பெரிய மார்ஜின் தொகை கட்ட வேண்டும் என்பதால் எழுதுபவர்கள் பெரிய கைகள், அவர்கள் பக்கமே நில் என்ற பேச்சு இங்கே அதிகம். அதை நான் முழுதாக நம்புவதில்லை. பெரிய கைகளும் ஜூன் 4 போன்ற நாட்களில் பலமாகச் சுட்டுக்கொள்ளும்.

யாருடைய அவசரம் என்று கண்டுபிடிக்க விலையையும் விக்ஸையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும். கற்பனையாக ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நிஃப்டி 24,000, விக்ஸ் 14. அந்த 23,800 புட்டின் பிரீமியம் 120 ரூபாய், நிலுவை 40,000 ஒப்பந்தங்கள். மாலைக்குள் நிலுவை 80,000 ஆகிவிட்டது. விகிதமும் ஏறியிருக்கிறது. நிஃப்டியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது பிரீமியம் 85-ஆகவும் விக்ஸ் 13-ஆகவும் இறங்கியிருந்தால், கொடுத்த விலைக்கு விற்கத் தயாராக ஆட்கள் குவிந்தார்கள் என்று பொருள். அது தெம்பு. பிரீமியம் 150-ஆகவும் விக்ஸ் 15.5-ஆகவும் ஏறியிருந்தால், கேட்ட விலை கொடுத்து வாங்க ஆட்கள் முண்டியடித்தார்கள். அது பயம். இரண்டு நாளிலும் விகிதம் ஒன்றேதான்.

இதில் ஒரு பொறி உண்டு. எக்ஸ்பைரிக்கு முந்தைய நாளிலும் எக்ஸ்பைரி அன்றும் நேரம் கரைவதாலேயே பிரீமியம் வேகமாக இறங்கும். அதை ரைட்டர்களின் நம்பிக்கை என்று எண்ணிவிடக் கூடாது. எக்ஸ்பைரி முடிந்ததும் பழைய ஒப்பந்தங்கள் மொத்தமாக அழிந்து விகிதம் துள்ளும். அந்தத் துள்ளலில் யாருடைய மனநிலையும் இல்லை. அதனால் வாராந்தர எக்ஸ்பைரியை மட்டும் பார்க்காமல் மாதாந்தர ஒப்பந்தத்தின் விகிதத்தையும் பார்ப்பவர்கள் குறைவாக ஏமாறுகிறார்கள்.

விகிதம் உண்மையில் பயன்படுவது ஓரங்களில்தான். நிஃப்டிக்கு 0.7 முதல் 1.3 வரை போய்வருவதை வழக்கமான வீச்சாக வைத்துக்கொள்கிறார்கள். சந்தை ஏற ஏற, புட் எழுதுபவர்கள் கூடுவார்கள், கால் எழுதியவர்கள் நஷ்டத்தோடு வெளியேறுவார்கள். அதனால் நம் ஊரில் விகிதம் பெரும்பாலும் விலையின் பின்னாலேயே ஓடும். அது 1.4, 1.5 என்று போனால், புட் எழுதியவர்கள் எல்லாம் படகின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். விலை அவர்களுடைய ஸ்ட்ரைக்கை உடைத்துக் கீழே இறங்கினால், எழுதியதைப் பதறித் திரும்ப வாங்க வேண்டும், அல்லது ஈடுகட்ட ஃப்யூச்சர்ஸை விற்க வேண்டும். அந்த விற்பனையே சரிவை வேகப்படுத்தும். 0.6-க்கு இறங்கியிருந்தால் இதன் மறுபக்கம்: கால் எழுதியவர்கள் நெரிபடுவார்கள், சின்ன நல்ல செய்திக்கே சந்தை சிலிர்த்து எழும். ஆனால் 1.5 வந்ததும் மறுநாளே விழும் என்று எந்த விதியும் இல்லை. வரைபடத்தில் குறிப்பிட்ட சப்போர்ட் உடைந்ததா என்பதுதான் கேள்வி. உடையாதவரை நெரிசல் நெரிசலாகவே நீடிக்கும்.

தேர்தலுக்குத் திரும்பினால், ஜூன் 4 அன்று வணிகத்தின் நடுவே 31-ஐத் தாண்டிய விக்ஸ் 26.75-ல் முடிந்தது. மறுநாள் அரசு அமையும் என்பது தெளிவானதும் நிஃப்டி 735 புள்ளி மீண்டது, விக்ஸ் 19-க்குச் சரிந்தது. முந்தைய நாள் சரிவின் அடியில் கால் வாங்கியவர்கள் சந்தை ஏறியும் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று திகைப்பது இப்படிப்பட்ட நாட்களில்தான். பயம் உச்சத்தில் இருந்தபோது பிரீமியத்தில் ஏறியிருந்த கூடுதல் விலை, பயம் வடிந்ததும் அதோடு சேர்ந்து வடிந்துவிடும்.

விக்ஸ் எகிறினால் அடிமட்டம் வந்துவிட்டது என்றும், எகிறும்வரை காத்திருக்கலாம் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. 2020 மார்ச்சில் அது பலித்தது. மார்ச் 24 அன்று விக்ஸ் 80-ஐத் தாண்டியிருந்தபோது நிஃப்டி 7,511-ஐத் தொட்டுத் திரும்பியது. ஆனால் 2024 செப்டம்பர் 27 அன்று 26,277 வரை போன நிஃப்டி, 2025 பிப்ரவரி கடைசியில் 22,125-க்கு வந்தது. சுமார் 16 சதவீத இறக்கம், ஐந்து மாதத்தில் சொட்டுச் சொட்டாக. அந்தக் காலம் முழுக்க விக்ஸ் பெரும்பாலும் 13-க்கும் 18-க்கும் இடையிலேயே கிடந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பெருமளவில் விற்றார்கள், ஆனால் எந்த நாளும் யாரும் பதறவில்லை. விக்ஸ் அளப்பது அலைச்சலின் எதிர்பார்ப்பைத்தான், நஷ்டத்தை அல்ல. நிதானமாக இறங்கும் சந்தையில் அலைச்சல் குறைவு.

பதற்றம் வந்தது அதற்குப் பிறகு. அமெரிக்கா இறக்குமதி வரிகளை அறிவித்ததை ஒட்டி, 2025 ஏப்ரல் 7 அன்று விக்ஸ் ஒரே நாளில் சுமார் 65 சதவீதம் ஏறி 22.79-ல் முடிந்தது. நிஃப்டி வணிகத்தின் நடுவே 21,744 வரை போய், 22,162-க்கு மீண்டு முடிந்தது. அந்த இறக்கத்தின் அடிமட்டமும் அன்றுதான். ஆனால் விக்ஸ் எகிறட்டும் என்று ஐந்து மாதம் காத்திருந்தவர் அன்று விழித்தபோது, இறங்க வேண்டியதில் பெரும்பகுதி பிப்ரவரிக்குள்ளேயே இறங்கி முடிந்திருந்தது.