நுண்ணுயிரியல் தேர்வுக்கு ஏழு நாட்கள்

அன்புள்ள மாணவ மாணவியர்க்கு,

அடுத்த திங்களன்று நுண்ணுயிரியல் தேர்வு. இடையில் முழுதாக ஏழு நாட்கள் இருக்கின்றன. பாடநூலை முதற் பக்கத்திலிருந்து மீண்டும் புரட்ட வேண்டா. முதல் மூன்று நாட்களைக் கிராம் சாயமேற்றும் முறை ஒன்றுக்கே கொடுங்கள். டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை அது. ஒரு முறைக்கு மூன்று நாட்களா என்பீர்கள். செல்சுவர்ப் பாடமும் பெனிசிலின் பாடமும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

முதல் நாள், ஒரு தாளில் ஸ்டெஃபிலோகாக்கஸ், ஈ.கோலை என இரு பெயர்களை எழுதி, ஒவ்வொரு படிக்கும் பின் அவற்றின் நிறத்தைக் குறியுங்கள். படிக ஊதா ஒரு நிமிடம்: இரண்டும் ஊதா. அயோடின் ஒரு நிமிடம்: அப்போதும் ஊதாவே, ஆனால் சாயமும் அயோடினும் கூடிப் பெரிய கூட்டாகிவிடுகின்றன. ஆல்கஹால் சில விநாடிகள்: கோலை வெளுத்துவிடும், மற்றது வெளுக்காது. இறுதியில் சஃப்ரானின்: கோலை சிவக்கும்.

இரண்டாம் நாள், ஒவ்வொரு முறையும் ஒரு படியை நீக்கிப் பாருங்கள். ஆல்கஹாலை விட்டால் இரண்டும் ஊதாவாகவே நிற்கும். அயோடினை விட்டால் ஸ்டெஃபிலோகாக்கஸும் சாயத்தை எளிதில் இழக்கும்.

மூன்றாம் நாள் காரணம். ஸ்டெஃபிலோகாக்கஸின் பெப்டிடோகிளைக்கான் சுவர் தடித்தது. ஆல்கஹால் அதன் நீரை வாங்கி இறுக்குவதால் சாயம் உள்ளே சிறைப்படுகிறது. கோலையின் சுவர் மெல்லியது. அதன் கொழுப்புப் புறச்சவ்வை ஆல்கஹால் கரைத்துவிடுகிறது. பெனிசிலின் தடுப்பதும் இந்தப் பெப்டிடோகிளைக்கான் உருவாவதைத்தான். ஆகவே சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவை அது ஒன்றும் செய்வதில்லை.

இப்போது ஒரு வினா: ஸ்டெஃபிலோகாக்கஸ் சிவப்பாகத் தெரிந்தது, ஏன்? ஆல்கஹால் அதிக நேரம் நின்றிருக்கலாம். அல்லது வளர்ப்பு பழையதாகிச் சுவர் சிதைந்திருக்கலாம். எது என்று எப்படி அறிவது? அதே கண்ணாடித் தகட்டில், நன்கறிந்த புதிய ஸ்டெஃபிலோகாக்கஸையும் கோலையையும் பக்கத்தில் பூசிச் சாயமேற்றுங்கள். அந்தப் புதியதும் சிவந்தால் பிழை ஆல்கஹாலில் என்று கொள்ளலாம். அது ஊதாவாக நின்றால் வளர்ப்பை ஐயுற்று, ஒரு நாளைக்கு மேற்படாத வளர்ப்பைக் கொண்டு மீண்டும் செய்யுங்கள். விடையில் இந்தச் சோதனையையும் எழுதுங்கள். காரணத்தை மட்டும் எழுதுவது பாதி விடைதான்.

நான்காம், ஐந்தாம் நாட்கள் நீர்த்தல் கணக்குக்கு. 1 மில்லிலிட்டர் மாதிரியை 9 மில்லிலிட்டர் நீரில் கலந்து, இவ்வாறே ஆறு முறை தொடர்ந்து நீர்க்கிறோம், அதில் 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் பரப்ப, 150 காலனிகள் வளர்கின்றன. ஒரு மில்லிலிட்டருக்கு 1,500. அதைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் 150 கோடி. பலர் அந்த 0.1-ஐ மறந்து 15 கோடி என்று எழுதுவர்.

ஆறாம் நாள் வளர்ச்சி வளைகோட்டை ஒரு முறை வரைந்தால் போதும். ஏழாம் நாள் நூலை மூடிவைத்து, முதல் நாள் தாளையும் இந்தக் கணக்கையும் மீண்டும் எழுதுங்கள். கை நிற்கும் இடத்துக்குரிய பக்கத்தை மட்டும் திறவுங்கள்.

வெள்ளி மாலை நான்கு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். வருபவர்கள் தம் தாளைக் கொண்டு வருக.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்