பண்ருட்டி முந்திரிக்கு டாலர் கணக்கு எதற்கு?

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு,

சிதம்பரத்திலிருந்து உங்களுக்கு அனுப்பும் முந்திரிப் பருப்பின் விலையைக் கூட்டியிருக்கிறோம். முழுப்பருப்புக்குக் கிலோவுக்கு 36 ரூபாய், உடைத்த பருப்புக்கு 24 ரூபாய். டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்ததுதான் காரணம். "பண்ருட்டி முந்திரி நம்ம மாவட்டத்துச் சரக்குதானே, அதற்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம்?" என்று பலர் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் தோப்புகள் நிறைய உண்டு. மார்ச்சிலிருந்து மே வரை கொட்டை பொறுக்குவார்கள். ஆனால் ஆலைகள் வருடம் முழுக்க ஓட அது போதாது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் காய்த்துக்கொண்டிருந்த மரங்களை ஏராளமாகச் சாய்த்துவிட்டது. புதிதாக நட்ட கன்று நல்ல காய்ப்புக்கு வரப் பல வருடம் பிடிக்கும். அதனால் ஐவரி கோஸ்ட், கானா, பெனின், தான்சானியா நாடுகளின் பச்சைக் கொட்டை கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் பண்ருட்டிக்கு வருகிறது. இந்தியா முழுவதிலும் ஆலைகளில் உடைபடும் கொட்டையில் பாதிக்கு மேல் இப்படி வெளியிலிருந்து வருவதுதான். அதன் விலையை டன்னுக்கு இத்தனை டாலர் என்றுதான் பேசுவார்கள். உள்ளூர்த் தோப்புக் கொட்டைக்கு விலை பேசும் வியாபாரியும் இறக்குமதி விலையைப் பார்த்தே பேசுகிறார். ஆகவே நம் தோப்புக் கொட்டையும் இதற்குத் தப்புவதில்லை.

இனி கணக்கு. ஒரு கிலோ பருப்பு எடுக்க ஏறக்குறைய 4 கிலோ கொட்டை வேண்டும். மீதியெல்லாம் ஓடும் தோலும் ஈரமும். கொட்டை டன் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோவுக்கு 6 டாலர். 2024 கடைசியில் டாலர் 85 ரூபாய் சொச்சம் இருந்தது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் 90ஐத் தாண்டியது. 85 ரூபாய்க் கணக்கில் அந்த 6 டாலர் 510 ரூபாய், 90 ரூபாய்க் கணக்கில் 540 ரூபாய். கூடிய 30 ரூபாயின் மேல் இரண்டரை சதவீதம் இறக்குமதி வரி, விற்கும்போது 5 சதவீதம் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்தால் 32 ரூபாய் சொச்சம். உடைக்கும்போது முழுதாகத் தேறும் பருப்புக்குத்தான் நல்ல விலை கிடைக்கும் என்பதால் அதன் தலையில் 36 ரூபாயும், உடைசலின் தலையில் 24 ரூபாயும் விழுகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியும். டாலர் 5 ரூபாய் ஏறியதைக் காட்டி யாராவது கிலோவுக்கு 100 ரூபாய் கூட்டினால், அந்த நூறும் டாலரால் வந்ததாக இருக்க முடியாது. கூலி, அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் ரூபாயில் கொடுப்பவை. அதனால்தான் அனுப்பும் கட்டணத்தை நாங்கள் தொடவில்லை. கொட்டையின் டாலர் விலையும் நிலையாக நிற்பதில்லை. ஆப்பிரிக்காவில் விளைச்சல் நன்றாக இருந்து டன் 1,400 டாலருக்கு இறங்கினால், டாலர் 90 ஆக இருந்தாலும் 4 கிலோ கொட்டை 504 ரூபாய்க்கே வந்துவிடும். ரூபாய் சரிந்தும் பருப்பு விலை ஏறாத வருடம் இப்படித்தான் அமைகிறது.

"டாலர் இறங்கினால் நீங்களும் குறைப்பீர்களா?" என்பது அடுத்த கேள்வி. குறைப்போம், ஆனால் அன்றைக்கே அல்ல. கொட்டை கப்பலேறி, துறைமுகம் தாண்டி, காய்ந்து, ஆவியில் வெந்து, ஓடு உடைந்து, தோல் உரிந்து, தரம் பிரிந்து எங்கள் கைக்கு வரச் சில மாதம் ஆகும். இன்று உங்களுக்கு வரும் பருப்பு, ஆலைக்காரர் கொட்டை வாங்கிய அன்றைக்கு வங்கியில் கட்டிய டாலர் விலையைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்த விலை தொலைக்காட்சியில் ஓடும் விலையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏறும்போதும் இதே தாமதம் உண்டு. டாலர் ஏறிய மறுநாளே விலையை ஏற்றும் கடையில் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய சரக்காகத்தான் இருக்கும். எங்களிடம் இருந்த பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்று முடித்தோம். புது விலை, 90 ரூபாய்க் கணக்கில் வந்த மூட்டைகளுக்கு மட்டும்.

முன்பே பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான். கூடுதலாக ஒரு ரூபாயும் கேட்க மாட்டோம். இனி ஒவ்வொரு பாக்கெட்டிலும் பருப்பு உடைத்த மாதத்தை எழுதி அனுப்புகிறோம். டாலர் இறங்கிச் சில மாதம் கழித்து உடைத்த பருப்புக்கும் இதே விலை போட்டிருந்தால், எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.